எட்டில் மகரச் சந்திரன்: பேசுவது அம்மாவைப் பற்றியா, பிள்ளையைப் பற்றியா?

"எனக்கு மிதுன லக்னம், மகர ராசி, திருவோணம் மூன்றாம் பாதம். சந்திரன் எட்டாம் வீட்டில், மகரத்தில் 17 பாகை 20 கலை. சனி விருச்சிகத்தில், புதன் சூரியனோடு துலாத்தில். ஜாதகம் பார்த்த ஒருவர், 'அம்மா பாசம் கிடைக்காத ஜாதகம்' என்றார். என் அம்மா அன்பாகத்தான் இருந்தார். ஆனால் சின்ன வயதிலிருந்தே யாரிடமும் என் கஷ்டத்தைச் சொல்ல எனக்கு வராது. சந்திரன் நின்ற ராசியும் வீடும் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன?"

அந்த ஜோதிடர் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சந்திரனை அம்மாவைக் குறிக்கும் மாதுர்காரகன் என்றும் சொல்கிறோம், மனத்தைக் குறிக்கும் மனோகாரகன் என்றும் சொல்கிறோம். அவர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டில் சந்திரன் என்றதும் அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். உங்கள் கேள்விக்கு விடை இரண்டாவதில் இருக்கிறது. சந்திரன் காட்டுவது அம்மா எப்படிப்பட்டவர் என்பதை அல்ல. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் மனம் எதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதை. ஒரே அம்மாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் ஜாதகத்தில் சந்திரன் மூன்று இடத்தில் இருக்கலாம். அம்மா ஒருவர்தான், வாங்கிய மனம் மூன்று.

இதை நானும் தப்பு செய்துதான் கற்றேன். ஜோதிடம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், எட்டில் சந்திரன் உள்ள ஒரு பெண்ணிடம், அம்மாவோடு நெருக்கம் குறைவாக இருந்திருக்குமே என்றேன். அவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். தன் அம்மாவைப் போல யாரும் இல்லை என்றும், அம்மா அழுவதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே எதையும் அவரிடம் சொன்னதில்லை என்றும் சொன்னார். பாசம் குறையவில்லை, பாசம் அதிகமானதால் வாய் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நான்காம் வீட்டைப் பார்க்காமல் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சரி, உங்கள் ஜாதகத்துக்கு வருவோம். ராசியையும் வீட்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மனம் எதனால் அடங்கும், அதற்கு என்ன வகையான ஆறுதல் வேண்டும் என்பதை ராசி சொல்லும். அந்த ஆறுதலை வாழ்க்கையின் எந்தப் பக்கத்தில், என்ன சூழ்நிலையில் தேடப் பழகினீர்கள் என்பதை வீடு சொல்லும். இரண்டையும் கலந்து ஒரே பலனாகச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

மகரம் நில ராசி, சர ராசி, சனியின் வீடு. கடகத்தில் ஆட்சியாக இருக்கும் சந்திரனுக்கு இது நேர் எதிர் வீடு. கடகச் சந்திரனுக்கு மடியும் அணைப்பும் வேண்டும். மகரச் சந்திரனுக்கு வேண்டியது நிச்சயம். நாளை என்ன நடக்கும், யார் எத்தனை மணிக்கு வருவார்கள், சொன்ன சொல் நிற்குமா என்பதெல்லாம் தெரிந்தால் இந்த மனம் இறங்கி உட்காரும். தெரியாவிட்டால் வேலை செய்யத் தொடங்கிவிடும். சர ராசி என்பதால் இந்த மனத்தின் கவலை சும்மா உட்கார்ந்து அழாது. எழுந்து அலமாரியை அடுக்கும், கணக்கு பார்க்கும், வேறு யாருக்காவது உதவப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'பொறுப்பான பிள்ளை' என்று தெரியும். உள்ளே இருப்பது பயம் என்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

இந்த ராசியின் சிறுவயதுப் பழக்கத்தை ஒரு வரியில் சொல்வதென்றால், 'நான் உபயோகமாக இருந்தால் என்னை வைத்துக்கொள்வார்கள்' என்ற கணக்கு. யாரும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தொந்தரவு தராதபோது கிடைத்த ஒரு பாராட்டு, அழுதபோது வீட்டில் விழுந்த ஒரு மௌனம், இரண்டும் சேர்ந்தாலே பிள்ளை கணக்கைப் போட்டுவிடும்.

அப்புறம் திருவோணம். சிரவணம் என்ற வடமொழிப் பெயருக்குக் கேட்டல் என்று பொருள். மரபில் காதை இதன் அடையாளமாகச் சொல்வார்கள். நட்சத்திர அதிபதியும் சந்திரனே. பாடம் கேட்டே தேறிவிடும் நட்சத்திரம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எட்டாம் வீட்டோடு சேரும்போது இது வேறு மாதிரி வேலை செய்கிறது. தூங்குவது போல் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்கும் பிள்ளை இது. வார்த்தை புரியாது, ஆனால் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே உள்ளே வருபவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடும். உங்களுக்கு இது பொருந்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள். பொருந்தினால், உங்கள் மனம் ஓய்வெடுக்க முடியாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கும் காது தூங்காது.

இனி எட்டாம் வீடு. ஆயுள் ஸ்தானம், துர்ஸ்தானம் என்ற பெயர்களைக் கேட்டதுமே பலருக்கு வயிற்றைக் கலக்கும். மனத்தைப் பற்றிப் படிக்கும்போது எட்டைப் பேசப்படாதவற்றின் வீடு என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. கடன், நோய், திடீர் இடமாற்றம், குடும்பத்தில் ஒரு மரணம், பெரியவர்களுக்குள் ஒரு பகை என வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கும். எட்டில் சந்திரன் உள்ள பிள்ளைக்கு அந்தப் பேசாத விஷயத்தின் கனம் மட்டும் வந்து சேரும், விவரம் வராது. விவரம் இல்லாத கனத்தைப் பிள்ளை தன்மேல் போட்டுக்கொள்ளும். 'நான் ஏதோ செய்துவிட்டேன்' என்பதுதான் அந்த வயதில் கிடைக்கும் ஒரே விளக்கம்.

இது சந்திராஷ்டமம் அல்ல. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்படுகிறார்கள். சந்திராஷ்டமம் என்பது கோசாரச் சந்திரன், அதாவது இன்று வானில் நகர்ந்துகொண்டிருக்கும் சந்திரன், உங்கள் ராசிக்கு எட்டில், அதாவது உங்களுக்குச் சிம்மத்தில், போகும் இரண்டேகால் நாள். மாதா மாதம் எல்லோருக்கும் வருவது. உங்களுடையது லக்னத்துக்கு எட்டில் பிறப்புச் சந்திரன். அது ஒரு குணம், நேரக் கெடுதல் அல்ல.

உங்கள் லக்னத்துக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இருக்கிறது, கேள்விக்கான நேர் விடையும் அதுதான். மிதுனத்துக்கு இரண்டாம் வீடு கடகம், அதன் அதிபதி சந்திரன். இரண்டு என்பது குடும்பம், வாக்கு. வாக்கின் அதிபதி எட்டில் போய் மறைந்திருக்கிறார். 'கஷ்டத்தைச் சொல்ல எனக்கு வராது' என்று நீங்கள் எழுதியதை ஜாதக மொழியில் எழுதினால் இதே வாக்கியம்தான் வரும். அதே சமயம், எட்டில் நின்ற சந்திரன் ஏழாம் பார்வையாகத் தன் சொந்த வீடான கடகத்தையே பார்க்கிறார். தன் வீட்டைப் பார்க்கும் கிரகம் அந்த வீட்டைக் காப்பாற்றும் என்பது விதி. ஆக, குடும்பத்திடம் பேச மாட்டீர்கள், ஆனால் குடும்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் மாட்டீர்கள். வீட்டில் யாருக்கு என்ன மருந்து, யார் எதற்குக் கோபித்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்; உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் கேட்கவில்லை என்று உங்களுக்கு வருத்தம், சொல்லவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்.

சனி விருச்சிகத்திலிருந்து மூன்றாம் பார்வையாக மகரத்தைப் பார்க்கிறார். இதைப் புனர்பூ என்று சொல்லி யாராவது பயமுறுத்தலாம். சேர்க்கையையும் ஒருவரை ஒருவர் பார்ப்பதையும்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் சொல்வது வழக்கம். இங்கே சனி சந்திரனைப் பார்க்கிறார், சந்திரன் சனியைப் பார்க்கவில்லை. அதோடு சந்திரனுக்கு வீடு கொடுத்தவரே சனி. வீட்டுக்காரர் தன் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை அது. அடக்கம் கூடும், அழுகை தாமதமாகும், ஆனால் மனம் உடைந்து சிதறாது. நெருக்கடியில் எல்லோரும் கலங்கும்போது நீங்கள் நிதானமாக இருந்துவிட்டு, எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து எங்கோ ஓர் இடத்தில் காரணமே இல்லாமல் கண் கலங்கி நிற்பீர்கள். அந்த இடைவெளி சனி கொடுப்பது.

இப்போது அம்மா. நான்காம் வீடு கன்னி, அதிபதி புதன். உங்கள் லக்னாதிபதியும் அதே புதன். உங்களையும் அம்மாவையும் ஒரே கிரகம் ஆள்கிறது என்பதைப் பாசமில்லாத உறவு என்று யாராலும் படிக்க முடியாது. அந்தப் புதன் ஐந்தாம் இடத்தில், திரிகோணத்தில், நட்பு வீட்டில் இருக்கிறார். பாசம் இருக்கிறது, ஆனால் அது புதன் வழியாக வந்த பாசம். பாடம் சொல்லித் தருவது, எழுத்தைத் திருத்துவது, 'இதை எடுத்துக்கொண்டாயா, அதை முடித்தாயா' என்று விசாரிப்பது என்று வந்திருக்கும். கூடவே சூரியனும் இருப்பதால் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் கலந்திருக்கும். அம்மா நிறையப் பேசியிருப்பார், காரியத்தைப் பற்றி. 'உனக்கு எப்படி இருக்கிறது' என்ற பேச்சு குறைவாக இருந்திருக்கும். உங்கள் சந்திரனோ அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். கொடுத்தவரும் குறை வைக்கவில்லை, வாங்கியவருக்கும் நிறையவில்லை. 'அன்பாகத்தான் இருந்தார், ஆனால்' என்று நீங்கள் இழுத்த இடம் இதுதான்.

ராசியையும் வீட்டையும் பிரிக்கச் சொன்னேனே, அதை வைத்து ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இதே மகரச் சந்திரன் மேஷ லக்னத்துக்குப் பத்தில் வருவார். அவருக்கும் 'உபயோகமாக இருக்க வேண்டும்' என்ற அதே தேவைதான், ஆனால் அதை ஊரறியத் தேடுவார். பட்டமும் பதவியும் கைதட்டலும் கிடைக்கும்வரை மனம் ஆறாது. துலா லக்னத்துக்கு மகரம் நான்கு. அங்கே அந்தத் தேவை வீட்டுக்குள்ளேயே நிற்கும். சின்ன வயதிலேயே தம்பி தங்கைக்கு இன்னொரு அம்மாவாகிவிட்ட பிள்ளையை அந்த அமைப்பில் பார்த்திருக்கிறேன். அதே துலா லக்னத்துக்கு எட்டில் சந்திரன் என்றால் ரிஷபத்தில், உச்ச வீட்டில். பேசாத கனம் அவருக்கும் வரும், ஆனால் ஒரு நல்ல சாப்பாடும் பழகிய படுக்கையும் அவரை ஆற்றிவிடும். உங்களை அது ஆற்றாது. நாளைய திட்டம் தெரிந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்.

சிறுவயதைப் பற்றி ஜாதகம் சொல்வதைச் சரிபார்க்க தசை இருக்கிறது. திருவோணத்தில் பிறந்ததால் உங்கள் முதல் தசை சந்திர தசை, மொத்தம் 10 வருடம். திருவோணம் மகரத்தில் 10 பாகையிலிருந்து 23 பாகை 20 கலை வரை. நீங்கள் 17 பாகை 20 கலையில் பிறந்திருக்கிறீர்கள், மீதி 6 பாகை. 13 பாகை 20 கலைக்கு 10 வருடம் என்றால் 6 பாகைக்கு நாலரை வருடம். ஆக, பிறந்ததிலிருந்து நாலரை வயது வரை சந்திர தசை, பிறகு பதினொன்றரை வரை செவ்வாய், அதன்பின் இருபத்தொன்பதரை வரை ராகு. எட்டில் இருக்கும் சந்திரனின் தசை, பேச்சு வரும் வயதிலேயே நடந்து முடிந்திருக்கிறது. உங்கள் பழக்கம் ஏன் நினைவுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு நான் தரும் விளக்கம் இது.

இந்த நாலரை வருடத்தை, தசையின் உட்பிரிவான புத்தியாகப் பிரித்தால், முதல் நாலு மாதம் சனி புத்தியின் மிச்சம். பிறகு புதன் புத்தி 17 மாதம், ஒன்றே முக்கால் வயது வரை. அடுத்து கேது புத்தி 7 மாதம், இரண்டு வயது நாலு மாதம் வரை. அதன்பின் சுக்கிரன் 20 மாதம், கடைசியில் சூரியன் 6 மாதம். நான் விசாரிக்கச் சொல்வது அந்தக் கேது புத்தி ஏழு மாதத்தை. சந்திரனில் கேது என்றால் பிரிவு, கை நழுவிய உணர்வு என்று படிப்போம். அடுத்த பிள்ளை பிறந்தது, அம்மா உடம்பு சரியில்லாமல் இருந்தது, பால் மறக்கடித்தது, நீங்கள் வேறொருவர் வீட்டில் சில வாரம் இருந்தது என எதுவாகவும் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

விசாரிக்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். 'எனக்கு இரண்டு வயதில் ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த அம்மாவும் எதையாவது தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார், நீங்களும் ஜாதகம் பலித்தது என்று நம்பிவிடுவீர்கள். எந்த ஏழு மாதத்தையும் தோண்டினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். 'நான் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் சேரும்வரை நடந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு, அவராகச் சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள். பிறகு புத்திக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெரிய நிகழ்ச்சி கேது புத்தியில் விழாமல் சுக்கிர புத்தியில் விழுந்தால், என் வாசிப்பை விட்டுவிட்டு உங்கள் அம்மா சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருப்பதால் ராசி லேசில் தப்பாது. லக்னமோ சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். உங்கள் லக்னம் மிதுனத்தில் ஒன்று இரண்டு பாகைக்குள் இருந்தால், பத்து நிமிடம் முன்னால் பிறந்திருந்தால்கூட ரிஷப லக்னமாகி, சந்திரன் ஒன்பதுக்குப் போய்விடுவார். வாக்கு அதிபதி, எட்டு, கடகப் பார்வை என்று நான் சொன்னதில் பாதி அப்போது நிற்காது. மகரமும் திருவோணமும் அப்படியே இருக்கும். இன்னொன்று, மேல்நாட்டு முறையில் கணிக்கும் ஆப்பில் பார்த்தால் உங்கள் சந்திரன் கும்பத்தில் என்று காட்டும். அது தப்பில்லை, அவர்கள் சாயனம், நாம் நிராயனம், இரண்டுக்கும் நடுவே சுமார் 24 பாகை அயனாம்சம். அங்கே படித்த கும்பப் பலனைக் கொண்டுவந்து இந்த வீட்டுக் கணக்கோடு சேர்க்காதீர்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு.

சொல்ல வராத பழக்கத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சந்திரன் நின்ற இடமே வழி காட்டுவதால் சொல்கிறேன். மகரச் சந்திரனை எதிரே உட்காரவைத்து 'மனசுவிட்டுப் பேசு' என்றால் பேசாது. கை ஏதாவது வேலையில் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவோடு துணி மடிக்கும்போது, சேர்ந்து நடக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். அதுவும் முடிந்துபோன பழைய விஷயமாக எடுங்கள், இன்றைய கஷ்டத்தைத் தொடாதீர்கள். எட்டாம் வீட்டுக்குப் பழையதிலிருந்து தொடங்குவது எளிது. தூக்கமே கெட்டு, நாள்கணக்கில் வேலை ஓடாமல், உயிர் வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் ஜாதகக் கட்டத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைச் சந்திரனை வைத்துத் தீர்க்க என்னால் முடியாது, வேறு எந்த ஜோதிடராலும் முடியாது.

அம்மாவிடம் கேட்டு எழுதிய குறிப்பும், லக்னம் எத்தனை பாகையில் விழுந்தது என்பதும் கையில் வந்ததும் எழுதுங்கள். செவ்வாய் எந்த வீட்டில் என்று நீங்கள் சொல்லவில்லை. நாலரை வயதிலிருந்து பதினொன்றரை வரை நடந்தது அவர் தசை என்பதால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நீங்கள் கோபத்தை எங்கே வைத்தீர்கள் என்பதை அவரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.